19 யூனிட் ரத்தம் என்றால் எவ்வளவு?

ஒரு தாலுகா மருத்துவமனையின் மாத அறிக்கையில் "ரத்த இருப்பு: 19 யூனிட்" என்று ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். மருந்துக் கிடங்கின் மற்ற வரிகளோடு படிக்கும்போது அது குறையில்லாத கணக்காகத்தான் தெரியும். குளுக்கோஸ் பாட்டில் 19 இருந்தால் தேவைப்படும் 19 பேருக்கு ஏற்றிவிடலாம். ரத்தத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. பிரசவத்துக்குப் பின் உதிரப்போக்கு நிற்காத ஏ பாசிட்டிவ் தாய் ஒருவருக்கு இன்றிரவு எத்தனை பை கொடுக்க முடியும் என்று கேட்டால், அந்த 19-இல் பதில் இல்லை. எந்த வகை, எந்த நாள்வரை நல்லது, வேறு நோயாளிக்கென்று ஒதுக்கப்படாமல் இருக்கிறதா என்ற மூன்றும் தெரிந்தால்தான் பதில் கிடைக்கும். இந்த மூன்றையும் சொல்லாத இருப்புத் தாள் பைகளை எண்ணியிருக்கிறதே தவிர, ரத்தத்தைக் கணக்கிடவில்லை.

பெரிய மருத்துவக் கல்லூரியின் ரத்த வங்கியைவிட, ஒரே குளிர்பெட்டியோடு இயங்கும் சிறிய ரத்த சேமிப்பு மையத்தில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். இந்தியாவில் இத்தகைய மையங்கள் தாமாக ரத்தம் எடுப்பதில்லை. உரிமம் பெற்ற ஒரு 'தாய் ரத்த வங்கி'யிலிருந்து, நோய்த்தொற்றுப் பரிசோதனைகள் முடிந்த பைகளைப் பெற்று வைத்திருந்து, பொருத்தம் பார்த்து வழங்குகின்றன. ஆண்டுக்கு 2,000 யூனிட்டுக்கு மேல் தேவைப்படாத மருத்துவமனைகளுக்கான ஏற்பாடு இது. தொடக்க இருப்பு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு மத்திய அரசின் வழிகாட்டு நெறி ஒரு பட்டியல் தருகிறது: ஏ, பி, ஓ பாசிட்டிவ் தலா 5, ஏபி பாசிட்டிவ் 2, ஏ, பி, ஓ நெகட்டிவ் தலா 1. மொத்தம் 20 பை. பயன்படாத பையைக் காலாவதிக்குக் குறைந்தது 10 நாள் முன்பே தாய் வங்கிக்குத் திருப்பி அனுப்பி, புதிய பை வாங்கிக்கொள்ள வேண்டும் என்றும் அதே நெறி சொல்கிறது. இந்த 10 நாள் விதிதான் பின்னால் நம் கணக்கையே மாற்றப்போகிறது.

35 நாள் எங்கிருந்து வந்தது?

ரத்தப் பையில் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதி, பையில் முன்பே இருக்கும் திரவத்தைப் பொறுத்தது. சிபிடிஏ-1 என்ற திரவம் உள்ள பையில் ரத்தம் 35 நாள் தாங்கும். சிவப்பணுக்களைப் பிரித்தெடுத்து எஸ்ஏஜிஎம் என்ற திரவத்தோடு சேர்த்துவைத்தால் 42 நாள். இரண்டுமே 2 முதல் 6 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டும்.

சிவப்பணுவுக்கு உட்கருவும் இல்லை, மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை. குளுக்கோஸைச் சிதைத்துக் கிடைக்கும் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறை மட்டும் நம்பி அது உயிர்வாழ்கிறது. பையிலுள்ள சிட்ரேட், கால்சியத்தைப் பிடித்துவைத்து ரத்தம் உறையாமல் காக்கிறது. குளுக்கோஸ் உணவாகிறது. குளிர், செலவைக் குறைக்கிறது. அப்படியும் நாள் செல்லச் செல்ல ஏடிபி குறைகிறது. அணுவின் தோல் நெகிழ்வை இழக்கிறது. தட்டு வடிவம் போய் முள்முள்ளாகிறது. உள்ளிருக்கும் பொட்டாசியம் வெளியே கசிகிறது. இப்படிக் கெட்டிப்பட்ட அணுக்களை உடலில் ஏற்றினால், மண்ணீரல் சில மணி நேரத்துக்குள் அவற்றைப் பொறுக்கி நீக்கிவிடும். நோயாளிக்கு ஒரு பை ஏற்றியிருப்போம். உள்ளே நிற்பது முக்கால் பையாகவோ அரைப் பையாகவோ இருக்கும்.

எவ்வளவு இழப்பு வரை ஏற்கலாம் என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. ஏற்றி 24 மணி நேரம் கழித்துப் பார்த்தால், ஏற்றிய சிவப்பணுக்களில் சராசரியாக 75 விழுக்காடாவது ரத்த ஓட்டத்தில் இருக்க வேண்டும். ஒரு திரவத்தில் எத்தனை நாள்வரை இந்த வரம்பு காக்கப்படுகிறதோ, அதுவே அந்தப் பையின் ஆயுள். 1943-இல் பிரிட்டனில் லௌடிட்டும் மோலிசனும் உருவாக்கிய அமில-சிட்ரேட்-டெக்ஸ்ட்ரோஸ் திரவம் 21 நாள் தந்தது. பின்னாளில் திரவத்தில் அடினைன் சேர்க்கப்பட்டது. ஏடிபியைக் கட்டுவதற்கான மூலப்பொருள் அது. 21 நாள் 35 ஆனது அதனால்தான்.

அப்படியானால் பழைய பை மட்டமானதா? ஸ்டோரில் வேலை செய்பவருக்கு இது முக்கியமான கேள்வி. தேதி நெருங்கிய பையை முதலில் கொடுப்பதுதான் வழக்கம் என்பதால், நாம் தெரிந்தே நோயாளிக்குப் பழையதைக் கொடுக்கிறோம். 2,3-டிபிஜி என்ற பொருள் பையில் இரண்டு வாரத்துக்குள் ஏறக்குறைய தீர்ந்துவிடுவது உண்மைதான். ஆக்சிஜனைத் திசுக்களில் இறக்கிவிட ஹீமோகுளோபினுக்கு அது உதவுகிறது. ஆனால் உடலுக்குள் போனபின் ஓரிரு நாளில் அது பெரும்பாலும் மீண்டுவிடுகிறது. 2015-இலும் 2016-இலும் வெளியான ஏபிள், இன்ஃபார்ம் என்ற பெரிய மருத்துவ ஆய்வுகள், புதிய ரத்தம் பெற்றவர்களையும் வழக்கமான வரிசையில் ரத்தம் பெற்றவர்களையும் ஒப்பிட்டன. புதிய ரத்தத்தால் இறப்பு குறையவில்லை. எனவே பெரும்பாலான பெரியவர்களுக்குத் தேதி நெருங்கிய பையை முதலில் வழங்குவதில் தவறில்லை. பச்சிளங்குழந்தைக்கு ரத்த மாற்றம் செய்யும்போது கசிந்த பொட்டாசியம் ஆபத்தாகலாம். வாழ்நாள் முழுவதும் ரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியா நோயாளிக்கு உடலில் அதிக நாள் நிற்கும் அணுக்கள் வேண்டும். இவர்களுக்குப் புதிய பை தனியாகத் தேடப்படுகிறது.

இதிலிருந்து இருப்புத் தாளின் முதல் விதி வருகிறது. முதலில் வந்தது முதலில் போக வேண்டும் என்பதல்ல. முதலில் காலாவதியாவது முதலில் போக வேண்டும். 42 நாள் பை திங்களன்று வரலாம். தாய் வங்கியில் ஏற்கனவே இரண்டு வாரம் இருந்த 35 நாள் பை வியாழனன்று வரலாம். வந்த தேதி வரிசையில் அடுக்கினால், பின்னால் வந்ததும் முன்னால் முடியப்போவதுமான பை அலமாரியின் பின்வரிசையில் மறைந்துவிடும்.

பைக்கு ஒரு வரி

நல்ல தாளில் வகைக்கு ஒரு வரி போதாது; ஒவ்வொரு பைக்கும் ஒரு வரி வேண்டும். பை எண், ரத்த வகை, முழு ரத்தமா பிரித்த சிவப்பணுவா, எடுத்த தேதி, காலாவதித் தேதி, இப்போதைய நிலை ஆகியவை அதில் இருக்கும். வகைவாரி மொத்தம் இந்தப் பட்டியலிலிருந்து தானாக வர வேண்டும்; கையால் தனியாக எழுதக் கூடாது. ரத்தம் எடுத்த நாளைப் பூஜ்ஜியமாகக் கொண்டு எண்ணுவார்கள். ஜூன் 1 அன்று எடுத்த 35 நாள் பை ஜூலை 6 நள்ளிரவோடு முடிகிறது. எக்செல்லில் எடுத்த தேதி D பத்தியிலும் காலாவதி E பத்தியிலும் இருந்தால், முதல் வரி காலாவதியையும் இரண்டாவது வரி மீதமுள்ள நாளையும் தரும்:

```
=D2+35
=E2-TODAY()
```

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று உண்டு. 05/07 என்று அடித்தால், கணினியின் அமைப்பைப் பொறுத்து அது ஜூலை 5 ஆகவும் ஆகலாம், மே 7 ஆகவும் ஆகலாம். 25/06 என்று அடித்தால், மாதத்தை முதலில் படிக்கும் கணினி அதைத் தேதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். கண்டுபிடிப்பது எளிது: எக்செல்லில் தேதி கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் நிற்கும். மீதமுள்ள நாள் 35-க்கு மேலாகவோ பூஜ்ஜியத்துக்குக் கீழாகவோ வந்தாலும் தேதி தவறென்று சந்தேகிக்க வேண்டும். கணினி கொடுத்த தேதியைப் பையின் சீட்டில் அச்சாகியிருக்கும் தேதியோடு ஒருமுறை ஒப்பிடாமல் விடக் கூடாது. முரண்பட்டால் சீட்டை நம்பி, தாளைத் திருத்த வேண்டும்.

ஒரு மாதக் கணக்கு

இப்போது எடுத்துக்காட்டுக்காக நாமே அமைத்த ஒரு மையத்தின் ஜூன் மாதத் தாளைப் பார்ப்போம். எல்லாமே 35 நாள் பைகள்.

| வகை | ஜூன் 1 இருப்பு | வந்தவை | வழங்கியவை | தாய் வங்கிக்குத் திருப்பியவை | கழித்தவை | ஜூன் 30 இருப்பு |
|---|---|---|---|---|---|---|
| ஓ+ | 5 | 14 | 13 | 1 | 0 | 5 |
| பி+ | 5 | 9 | 8 | 1 | 0 | 5 |
| ஏ+ | 5 | 5 | 4 | 1 | 1 | 4 |
| ஏபி+ | 2 | 2 | 0 | 2 | 0 | 2 |
| ஓ− | 1 | 2 | 2 | 0 | 0 | 1 |
| ஏ− | 1 | 1 | 0 | 1 | 0 | 1 |
| பி− | 1 | 1 | 0 | 1 | 0 | 1 |
| மொத்தம் | 20 | 34 | 27 | 7 | 1 | 19 |

முதலில் செய்ய வேண்டியது கூட்டிக் கழித்துப் பார்ப்பது. தொடக்க இருப்போடு வந்தவற்றைக் கூட்டி, வழங்கியது, திருப்பியது, கழித்தது மூன்றையும் கழித்தால் மாத இறுதி இருப்பு வர வேண்டும். மொத்தத்துக்கு மட்டும் பார்த்தால் போதாது. ஓ வரியில் ஒன்று கூடி பி வரியில் ஒன்று குறைந்தாலும் மொத்தம் சரியாகவே வரும். ரத்த வகை மாறிப் பதிவாவதைவிட ஆபத்தான எழுத்துப்பிழை இந்தத் தாளில் வேறு இல்லை. ஆகவே ஒவ்வொரு வரியையும் தனியாகச் சரிபார்த்து, பிறகு குளிர்பெட்டியைத் திறந்து பைகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஏ பாசிட்டிவ் வரியில் கழிந்த அந்த ஒரு பை, கணக்கு எங்கே இடிக்கும் என்பதைக் காட்டுகிறது. அறுவை சிகிச்சைக்கென்று பை வழங்கப்பட்டது; தேவைப்படவில்லை; இரண்டு மணி நேரம் அறையின் வெப்பத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தது. குளிரை விட்டு 30 நிமிடத்துக்கு மேல் வெளியே இருந்த பையை மீண்டும் இருப்பில் சேர்ப்பதில்லை. சூடேறிய ரத்தத்தில் கிருமி இருந்தால் பெருகத் தொடங்கியிருக்கும். மறுபடி குளிரில் வைத்தாலும் அது சரியாகிவிடாது. எனவே பை கழிக்கப்பட்டது. பதிவேட்டில் இந்தப் பை 'வழங்கியவை' பத்தியில் ஒருமுறையும் 'கழித்தவை' பத்தியில் ஒருமுறையும் ஏறிவிட்டால், வழங்கியது 5, கழித்தது 1, இறுதி இருப்பு 3 என்று வரும். பெட்டியிலோ 4 பை இருக்கும். தாளைவிடப் பெட்டியில் ஒன்று கூடுதலாக இருந்தால், ஒரு பை இரண்டு இடத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்றுதான் முதலில் தேட வேண்டும். பெட்டியில் ஒன்று குறைந்தால், பதிவில்லாமல் ஒரு பை வெளியே போயிருக்கிறது. அது யாருக்குப் போனது என்று தெரியாதவரை அந்த மாதக் கணக்கை முடிக்கவே கூடாது. நோயாளிக்கு எதிர்வினை ஏற்பட்டாலோ, கொடையாளரிடம் பின்னர் ஒரு தொற்று தெரியவந்தாலோ, பை எண்ணை வைத்துத்தான் ஆளைத் தேடிப் போக முடியும்.

வழங்கப்பட்ட பை 30 நிமிடத்துக்குள் திரும்பி, பிறகு வேறொருவருக்குப் போனாலும் இதே சிக்கல் வரும். ஒரே பை இரண்டு வழங்கலாகக் கணக்கில் ஏறிவிடும். வழங்கியதும் ஏற்றியதும் ஒன்றல்ல என்பதால், வார்டிலிருந்து 'ஏற்றப்பட்டது' என்ற தகவல் வந்தபிறகே வழங்கலை உறுதியாக்குவது நல்லது.

ஒரே 5, வெவ்வேறு பொருள்

இனி தாளின் மிக முக்கியமான பாடத்துக்கு வருவோம். ஓ, பி, ஏ மூன்றுக்கும் ஜூன் 1 அன்று 5 பை இருந்தது. மூன்றும் சமம் போலத் தோன்றும். ஓ பாசிட்டிவ் மாதத்துக்கு 13 போகிறது; அந்த வேகத்தில் 5 பை 11 அல்லது 12 நாள் வரும். பி பாசிட்டிவ் மாதத்துக்கு 8. 5 பை சுமார் 19 நாள் வரும். ஏ பாசிட்டிவ் மாதத்துக்கு 4. 5 பை 37 நாளுக்கு வரும்.

அந்த 5 பைகள் எத்தனை நாள் நம்மிடம் இருக்க முடியும்? ஆயுள் 35 நாள். பரிசோதனை, பயணம் எல்லாம் முடிந்து நம்மிடம் வரும்போது 5 நாள் கழிந்திருப்பதாகக் கொள்வோம். கடைசி 10 நாள் தாய் வங்கிக்கு உரியது. மீதி 20 நாள். ஓ பைகள் அதற்கு முன்பே தீர்ந்துவிடும். பி பைகள் விளிம்பில் நிற்கின்றன. ஏ பைகளில் 20 நாளுக்குள் சராசரியாக இரண்டு அல்லது மூன்றுதான் போகும். மற்றவை யார் எவ்வளவு கவனமாக இருந்தாலும் திருப்பி அனுப்ப வேண்டியவைதான். இது ஊழியரின் தவறு அல்ல. இருப்பின் அளவிலேயே இருக்கும் விளைவு. கழிவைப் பார்த்து ஒருவரைக் கேள்வி கேட்பதற்கு முன், இந்த வகுத்தலைச் செய்து பார்க்க வேண்டும்.

திருப்பி அனுப்பிய 7 பைகளை வீணானவற்றோடு சேர்க்கக் கூடாது. 10 நாள் மிச்சமிருக்கும் ஏபி பாசிட்டிவ் பை, தாலுகா மருத்துவமனையில் 20 நாளாக ஆளில்லாமல் இருந்திருக்கலாம். நூற்றுக்கணக்கான படுக்கைகளுக்கு ரத்தம் தரும் தாய் வங்கியில் அதற்கு ஆள் கிடைப்பார். காலாவதிக்கு 9 நாளோ 8 நாளோ இருக்கும்போதுதான் திருப்பி அனுப்பியிருந்தால் அதைத் தாளில் எழுத வேண்டும். அங்கே காலாவதியாகப்போகும் பைக்கு இங்கே ஏற்பட்ட தாமதம் காரணமாக இருக்கும். அது இரண்டு மருத்துவமனையின் கணக்கிலும் தெரியாமல் போய்விடும்.

ஒரே நாளில் எடுத்த ஐந்து ஏ பாசிட்டிவ் பைகளைச் சேர்த்து வாங்கினால் ஐந்தும் ஒரே நாளில் முடியும். ரத்ததான முகாம் முடிந்த மறுவாரம் இப்படித்தான் வந்து சேரும். தாய் வங்கியிடம் கேட்கும்போதே வெவ்வேறு தேதிப் பைகளாகக் கேட்டு வாங்கினால், எந்த நாளிலும் பெட்டியில் புதியதும் பழையதும் கலந்திருக்கும்.

பெட்டியில் இருந்தும் இல்லாத ரத்தம்

மாத இறுதி இருப்பு ஒரு நாளின் கணக்குதான். ஒரு நாள் காலையில் பி பாசிட்டிவ் 5 இருக்கிறது. இரண்டு சிசேரியன்களுக்குத் தலா இரண்டு பை பொருத்தம் பார்த்து ஒதுக்கப்பட்டிருக்கிறது. கொடுக்கக்கூடியது ஒன்றே ஒன்று. எனவே 'நிலை' பத்தியில் ஒதுக்கியது, ஒதுக்காதது என்று பிரித்து எழுத வேண்டும். எப்போது ஒதுக்கீடு விலகும் என்ற நேரமும் வேண்டும். பொருத்தம் பார்த்த பைகளின் எண்ணிக்கையை ஏற்றிய பைகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்ப்பது பழைய, நல்ல அளவுகோல். 2 அல்லது அதற்குக் கீழே இருந்தால் நன்று. 3, 4 என்று போனால், "எதற்கும் இருக்கட்டும்" என்று ஒதுக்கிய பைகள் பெட்டிக்குள்ளேயே வயதாகிக்கொண்டிருக்கின்றன.

ஓ நெகட்டிவ் வரியைத் தனியாகப் படிக்க வேண்டும். இந்தியாவில் ஆர்எச் நெகட்டிவ் சுமார் 20 பேரில் ஒருவருக்குத்தான் இருக்கிறது. நம் தாளில் 2 ஓ நெகட்டிவ் போயிருக்கிறது. பெற்றவர்களின் வகை என்ன? வகை தெரிய நேரமில்லாத அவசரத்தில் ஓர் இளம்பெண்ணுக்குப் போயிருந்தால் சரியான வழங்கல். ஆர்எச் நெகட்டிவ் பெண்ணுக்குப் பாசிட்டிவ் ரத்தம் ஏற்றினால் எதிர்ப்பொருள் உருவாகி, பின்னாளில் கருவிலிருக்கும் குழந்தையின் சிவப்பணுக்களைத் தாக்கலாம். ஆனால் தேதி நெருங்கிவிட்டதென்று ஓ பாசிட்டிவ் நோயாளிக்குப் போயிருந்தால், அதை வேறு விதமாகப் பதிய வேண்டும். 'பெற்றவரின் வகை' என்று ஒரு பத்தி இல்லாவிட்டால் இரண்டும் ஒரே எண்ணாகத் தெரியும்.

இன்னொன்று, கொடுக்க முடியாமல் போனவை. கேட்டும் இல்லையென்று பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்பட்ட நோயாளிகள் 'வழங்கியவை' பத்தியில் வருவதே இல்லை. அவர்களை எழுதாமல் விட்டால், ஏபி பாசிட்டிவின் பூஜ்ஜியத்துக்கு ஆளே வரவில்லை என்பதா, வந்தவருக்குக் கொடுக்கவில்லை என்பதா என்று சொல்ல முடியாது.

தாளிலிருந்து ஒரு முடிவு

இத்தனையும் எழுதியபின் அந்த மையம் என்ன மாற்றலாம்? ஒரு பிரசவ உதிரப்போக்கே ஒரே இரவில் நான்கு பை கேட்கலாம் என்பதால், சராசரியை மட்டும் பார்த்து ஏ பாசிட்டிவைக் குறைப்பது ஆபத்து. அதற்கு ஒரு வழி உண்டு. பிளாஸ்மாவைப் பிரித்தெடுத்த சிவப்பணுப் பையாக இருந்தால், ஓ பாசிட்டிவை அவசரத்தில் ஏ, பி, ஏபி பாசிட்டிவ் நோயாளிகளுக்கும் பொருத்தம் பார்த்துக் கொடுக்கலாம். முழு ரத்தமாக இருந்தால் கூடாது. ஓ வகைப் பிளாஸ்மாவிலுள்ள எதிர்ப்பொருள்கள் அவர்களின் அணுக்களைத் தாக்கும். ஆகவே தாய் வங்கியிடம் சிவப்பணுப் பைகளைக் கேட்டு வாங்கி, ஏ பாசிட்டிவை 5-லிருந்து 3 ஆகக் குறைத்து, ஓ பாசிட்டிவை 5-லிருந்து 7 ஆக்கலாம். மொத்தம் அதே 20 தான். ஏ பைகள் மூன்றும் ஏறக்குறைய 20 நாளுக்குள் பயன்படும். ஓ பைகள் ஏழும் சுமார் 16 நாளில் தீரும். ஏ பாசிட்டிவ் தாய்க்கு நான்காவது பை தேவைப்பட்டால் ஓ வரிசையிலிருந்து எடுக்கலாம். இருப்பை உண்மையான தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ள அதே வழிகாட்டு நெறி இடம் தருகிறது. மூன்று மாதத் தாள்களை வைத்துக் கணக்கிட்டு, மருத்துவ அலுவலரிடமும் தாய் வங்கியிடமும் பேசி இதைச் செய்யலாம். அடுத்த மூன்று மாதத்தில் ஏ பாசிட்டிவ் திருப்பல் குறைகிறதா, கொடுக்க முடியாமல் போன வேண்டுகோள் கூடுகிறதா என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், மாற்றம் சரியா தவறா என்று அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.